எக்ஸஸுக்குள் அடங்கும் சிறு சேதம்: வாகனக் காப்புறுதிக் கோரிக்கையை மீளப்பெற்று நோ கிளெய்ம் போனஸைக் காப்பாற்றும் வழி

ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் இருட்டிய பின் வாகனம் ஓட்டுபவர்களுக்கு, சூடு ஆறாத தாரின் மேல் வந்து படுத்துக்கொள்ளும் மாடுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வேகத்தைக் குறைத்து, பிரேக்கை முழுக்க மிதித்தும், கடைசி நொடியில் எழுந்த ஒரு கன்றின் மேல் பம்பர் உரசிவிடுகிறது. கன்று எழுந்து காட்டுப்பக்கம் ஓடிவிடுகிறது. பம்பரில் ஒரு வெடிப்பு, ஹெட்லைற்றைப் பிடித்திருக்கும் காது ஒன்று முறிவு, கிறிலில் ஒரு கிளிப் காணாமற் போனது. வன்னியில் முழுக் காப்புறுதி எடுத்திருக்கும் கார், வான் உரிமையாளர்கள் காப்புறுதிக் கம்பனியை அழைக்கும் சம்பவங்களில் பல இந்த அளவுக்குள் அடங்குபவை.

இத்தகைய சேதத்துக்குக் கம்பனி பெரும்பாலும் ஒரு சதமும் கொடுக்கப் போவதில்லை. ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையாளர் தாமே ஏற்க வேண்டிய முதல் தொகை ஒன்று ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருக்கும். எல்லோரும் எக்ஸஸ் என்று சொல்வது அதைத்தான். திருத்தச் செலவு அதற்குள் அடங்கிவிட்டால் கொடுப்பனவு பூச்சியம். ஆனால் அந்தப் பூச்சியக் கோரிக்கை திறந்த கோப்பாகக் கம்பனியின் கணினியில் கிடந்துவிட்டால், கோரிக்கை இல்லாத ஆண்டுக்காக அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் கிடைக்க வேண்டிய கழிவான நோ கிளெய்ம் போனஸ் நிறுத்தி வைக்கப்படலாம், குறைக்கப்படலாம். ஒன்றும் வாங்காதவர் வாங்கியவரைப் போலவே கூடுதல் கட்டணம் கட்ட நேர்கிறது. இந்த இழப்பு முழுக்கத் தவிர்க்கக்கூடியது என்பதாலும், ஒரு பக்கக் கடிதம் எழுதப்படாத காரணத்தால் மட்டுமே பலர் அதைச் சுமக்கிறார்கள் என்பதாலும், அதைத் தவிர்க்கும் முறையைத் தொடக்கத்திலிருந்து இங்கே விளக்குகிறேன். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவர்களுக்குத் தம் வாகனத்தின் சேதத்துக்குக் கோரிக்கை வைக்கும் உரிமையே இல்லை; ஆகவே இவ்வழிகாட்டி முழுக் காப்புறுதி எடுத்தவர்களுக்கு உரியது.

முதலில் அறிவித்துவிடுங்கள்

போனஸ் போய்விடும் என்ற பயத்தில் கம்பனிக்குச் சொல்லாமலே வாகனத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதுதான் எங்கள் பக்கத்தில் அதிகம் நடக்கிறது. இது பிழையான சிக்கனம். விபத்து நடந்ததும் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்பது வாகனக் காப்புறுதி ஒப்பந்தங்களில் வழக்கமாக உள்ள நிபந்தனை. அறிவிக்காமல் விட்டபின் மூன்றாம் நாள் ஏசி குளிரவில்லை என்றோ, ரேடியேற்றர் கசிகிறது என்றோ தெரியவந்தால், அப்போது போய்ச் சொல்லும் கதையைக் கம்பனி ஏற்க வேண்டியதில்லை. கன்றின் உரிமையாளர் ஒரு வாரம் கழித்துப் பொலிஸுக்குப் போனாலும் இதே சிக்கல்தான்.

விபத்தை அறிவிப்பதும் பணம் கோருவதும் இரண்டு வெவ்வேறு செயல்கள். அறிவித்தல் உங்கள் கடமை, கோருதல் உங்கள் உரிமை. கடமையை நிறைவேற்றியபின் உரிமையை விட்டுக்கொடுக்க எந்தத் தடையும் இல்லை. ஆகவே விபத்து நடந்த இடத்திலிருந்தே கம்பனியின் அவசரத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, இடம், நேரம், ஓட்டியவர், சேதம் ஆகியவற்றைச் சொல்லி, அவர்கள் தரும் கோரிக்கை இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அந்த இலக்கமே அடிப்படை. ஒட்டுசுட்டான், மல்லாவி போன்ற உட்பகுதிகளுக்கு மதிப்பீட்டாளர் வந்துசேர நேரமெடுக்கும். சில வேளைகளில் வட்ஸ்அப்பில் படங்களை அனுப்பச் சொல்வார்கள். எப்படியாயினும் வாகனத்தை நகர்த்துமுன் நான்கு பக்கமும், இலக்கத்தகடு தெரியும்படியும், சேதத்தைக் கிட்ட வைத்தும், வீதியையும் சேர்த்தும் படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டாளர் அந்த இடத்திலேயே ஒரு தொகையைப் பேசி முடித்துத் தரும் வழக்கமும் உண்டு. தொகை சிறியதாக இருந்தாலும், அதை ஏற்றுக் கையொப்பமிட்ட நொடியில் அது கொடுக்கப்பட்ட கோரிக்கையாகிவிடுகிறது. அதன்பின் மீளப்பெறுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சேதம் எவ்வளவு என்று இன்னும் தெரியாத நிலையில், "எஸ்டிமேற் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லி, பார்வையிட்டதற்கான தாளில் மட்டும் கையொப்பமிடுங்கள். கையொப்பமிடுமுன் அந்தத் தாளில் தொகை எதுவும் எழுதப்பட்டுள்ளதா, முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்ற பொருளில் ஏதேனும் வரி உள்ளதா என்று வாசியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்குத் தொலைபேசியில் படம் அனுப்பிக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

உங்கள் எக்ஸஸ் எவ்வளவு

முகவர் வாய்மொழியாகச் சொன்ன தொகையை நம்பி முடிவெடுக்காமல், ஒப்பந்தத்தோடு இணைந்துள்ள அட்டவணையை எடுத்துப் பாருங்கள். அங்கே ஒரே ஓர் எக்ஸஸ் மட்டும் இருக்கும் என்று நினைக்கக்கூடாது. எல்லாக் கோரிக்கைக்கும் பொதுவான ஒன்று இருக்கலாம். கட்டணத்தைக் குறைப்பதற்காக நீங்களே விரும்பி ஏற்ற இன்னொன்று அதன்மேல் சேரலாம். வயதில் இளைய, அல்லது அனுமதிப்பத்திரம் எடுத்து அதிக காலமாகாத ஓட்டுநர் ஓட்டியிருந்தால் மேலதிகமாக ஒன்று சேரலாம். மகன் ஓட்டும்போது நடந்த விபத்துக்கும் தந்தை ஓட்டும்போது நடந்த விபத்துக்கும் ஒரே பம்பரில் ஒரே வெடிப்பாக இருந்தாலும் எக்ஸஸ் வேறாகலாம். தொகையாக எழுதாமல், சேதத்தில் இத்தனை சதவீதம், ஆனால் இத்தனை ரூபாவுக்குக் குறையாமல் என்று எழுதியிருந்தால், சிறு சேதத்தில் அந்தக் குறைந்தபட்சத் தொகைதான் உங்களுக்குப் பொருந்தும்.

இதனோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கராஜ் தரும் எஸ்டிமேற் முழுவதையும் கம்பனி ஏற்பதில்லை. பழைய பாகத்துக்குப் பதில் புதியது போடும்போது தேய்மானம் கழிக்கப்படலாம்; கூலியைத் தங்கள் அளவுகோலுக்குக் குறைக்கலாம்; முன்பே இருந்த கீறலுக்கான பெயின்ற் செலவை நீக்கலாம். இந்தக் கழிவுகள் எல்லாம் போன பின்னர்தான் எக்ஸஸ் கழிக்கப்படுகிறது. ஆகவே எக்ஸஸைவிடச் சற்றே கூடிய எஸ்டிமேற்றும் கடைசியில் பூச்சியத்தில் வந்து நிற்கக்கூடும். கம்பனி ஏற்றுக்கொள்ளும் தொகை என்ன என்று கிளையில் கேட்டு அறிந்த பின்பே ஒப்பிடுங்கள்.

பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் கடிதம் எழுதாதீர்கள்

மீளப்பெறும் முடிவில் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். வெளியே தெரியும் பிளாஸ்ரிக் பம்பர் மோதலை வாங்கிக்கொண்டு மறுபடி தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும் தன்மையுள்ளது. பின்னால் இருப்பவை அப்படித் திரும்புவதில்லை. சிறிய கார்களில் பம்பருக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சட்டம், அதற்குப் பின்னால் ஏசி கொண்டென்சர், அதற்கும் பின்னால் ரேடியேற்றர் என்று விரலிடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கும். சட்டம் சிறிது உள்வாங்கினாலே கொண்டென்சரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கராஜில் பம்பரைக் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். கொண்டென்சரின் தகடுகளில் எண்ணெய்ப் பசை போன்ற ஈரம் தெரிந்தால் வாயு கசிகிறது என்று பொருள், ஏனெனில் ஏசி வாயுவோடு அதன் எண்ணெயும் வெளியே வரும். ரேடியேற்றரின் மூலைகளில் பச்சை அல்லது சிவப்பு நிறக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொனற்றை மூடும்போது இரு பக்கத்து இடைவெளியும் ஒரே அளவாக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்திருந்தால் உள்ளே தகரம் நகர்ந்திருக்கிறது. ஹெட்லைற்றைக் கையால் மெல்ல அசைத்தால் ஆடுகிறதா, இரவில் வெளிச்சம் சுவரில் ஒரே உயரத்தில் விழுகிறதா என்பதும் முக்கியம். இவற்றில் எதுவும் இல்லையென்றால், வெளியே தெரிவதுதான் சேதம் என்று நம்பலாம். எஞ்சினை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, ஏசியையும் போட்டு, வெப்பமானி ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பின் கராஜின் தலைப்புத் தாளில், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனித் தொகையோடு, திகதியும் வாகன இலக்கமும் இட்டு எஸ்டிமேற்றை எழுதி வாங்குங்கள். ஒற்றைத் தொகையாக எழுதிய துண்டுக்கடதாசி பின்னர் எதற்கும் உதவாது.

ஒரு மாற்றுக் கராஜிலும் விலை கேட்பது நல்லது. எக்ஸஸுக்குள் அடங்குமா என்பது சில ஆயிரம் ரூபா வித்தியாசத்தில் தீர்மானிக்கப்படும்போது, வவுனியாவில் புதுப் பம்பர் போடச் சொல்லும் இடத்துக்கும் கிளிநொச்சியில் பழைய பம்பரையே ஒட்டிப் பெயின்ற் அடிக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு முடிவையே மாற்றிவிடும்.

ஒரு கணக்கு

கிளிநொச்சியில் வசிக்கும் ஓர் ஆசிரியையின் சிறிய காரை எடுத்துக்கொள்வோம். ஆளும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. போனஸ் சதவீதங்கள் கம்பனிக்குக் கம்பனி வேறுபடுவதால் உங்கள் அட்டவணையில் உள்ளவற்றை இங்கே இட்டுப் பார்க்க வேண்டும். போனஸ் கழிக்குமுன் அவருடைய ஆண்டுக் கட்டணம் 140,000 ரூபா. இப்போது அவருக்கு 50 சதவீத போனஸ் உள்ளது. வரிகளை விட்டுவிட்டால் 70,000 ரூபா கட்டுகிறார். எக்ஸஸ் 25,000 ரூபா.

மேலே சொன்ன கன்று மோதலுக்குப் பின் கராஜ் தந்த எஸ்டிமேற்றில் பம்பரை ஒட்டிப் பெயின்ற் அடிக்க 14,000, ஹெட்லைற்றின் காதைச் சீர்செய்ய 3,500, கிறில் கிளிப்புகளுக்கு 2,000, கழற்றிப் பூட்டும் கூலி 3,000 என மொத்தம் 22,500 ரூபா வந்தது. எக்ஸஸுக்கு 2,500 ரூபா குறைவு. கம்பனியிடமிருந்து வரக்கூடியது ஒன்றுமில்லை.

கோரிக்கை மூடப்பட்டுப் போனஸ் ஒரு படி ஏறினால், அவருடைய ஒப்பந்தத்தில் அது 55 சதவீதமாகும். அடுத்த ஆண்டு 63,000 ரூபா கட்டுவார். அதற்கடுத்த ஆண்டு 60 சதவீதமாகி 56,000 ரூபா கட்டுவார். கோரிக்கை பதிவில் நின்றுவிட்டாலோ, அதே ஒப்பந்தத்தின்படி போனஸ் 20 சதவீதத்துக்கு இறங்கி, அடுத்த ஆண்டு 112,000 ரூபாவும், அதன்பின் 30 சதவீதத்துக்கு ஏறி 98,000 ரூபாவும் கட்ட வேண்டும். முதல் ஆண்டில் 49,000, இரண்டாம் ஆண்டில் 42,000 என, இரண்டே ஆண்டுகளில் 91,000 ரூபா வித்தியாசம். ஒரு ரூபாவும் பெறாத கோரிக்கைக்கான விலை அது.

இதே கணக்கு, எக்ஸஸைச் சற்றுத் தாண்டும் சேதத்துக்கும் வழிகாட்டும். பம்பரைக் கழற்றியபோது கொண்டென்சர் மடங்கியிருந்து மொத்தச் செலவு 60,500 ரூபாவாகியிருந்தால், வேறு கழிவு எதுவும் இல்லை என்றே வைத்தாலும் கம்பனி தருவது 35,500 ரூபா. 91,000 ரூபாவை இழந்து 35,500 ரூபாவைப் பெறுவதில் பொருளில்லை. கையில் பணமில்லாத நெருக்கடியில் அதையும் பெறத்தான் வேண்டியிருக்கும். அது அவரவர் நிலைமை. சில ஒப்பந்தங்களில் குறித்த வரம்புக்குட்பட்ட கோரிக்கை போனஸைப் பாதிக்காது என்ற மேலதிகப் பாதுகாப்பும் இருக்கும். அது உங்களிடம் இருந்தால் எக்ஸஸைத் தாண்டிய தொகையைத் தாராளமாகக் கோரலாம்.

வேறொருவர் சம்பந்தப்பட்டிருந்தால்

இதுவரை சொன்னவை எல்லாம் உங்கள் வாகனத்தின் சேதத்துக்கு மட்டுமே. மற்றவரின் வேலி, சைக்கிள், மோட்டார் சைக்கிள், கால்நடை ஆகியவற்றுக்கு ஏற்பட்ட இழப்பு உங்கள் பம்பரின் கணக்கில் சேராது. மூன்றாந்தரப்புக்கான கொடுப்பனவில் எக்ஸஸ் பொருந்தாத ஒப்பந்தங்கள் உண்டு. ஆகவே மொத்தம் எக்ஸஸுக்குள் அடங்குகிறது என்று கூட்டிப் பார்த்து முடிவெடுக்க முடியாது. மூன்றாந்தரப்புக்குக் கம்பனி ஏதேனும் கொடுத்தால், உங்கள் சேதத்துக்கான கோரிக்கையை நீங்கள் விட்டுக்கொடுத்திருந்தாலும் போனஸ் பாதிக்கப்படும்.

ஊரில் பெரியவர்கள் கூடி, மாட்டுக்கு இவ்வளவு என்று பேசித் தீர்த்துவிடுவது எங்கள் வழக்கம். மனிதர்களுக்கிடையில் அது நல்ல வழக்கமாக இருக்கலாம். ஆனால் கம்பனியின் ஒப்புதல் இல்லாமல் தவறை ஏற்கவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தங்களில் பொதுவாக உள்ளது. ஐயாயிரம் ரூபாவைக் கையில் கொடுத்து அனுப்பியவர் மறுவாரம் ஐம்பதாயிரம் கேட்டு வரும்போது, அந்தக் கொடுப்பனவே நீங்கள் பிழையை ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகிவிடும். கம்பனியும் ஒதுங்கிக்கொள்ள இடமுண்டு. பேசித் தீர்ப்பதாயின் முதலில் கிளைக்குச் சொல்லி, அவர்கள் சம்மதத்தை எழுத்தில் பெற்று, பணம் வாங்குபவரிடம் இனிக் கோரிக்கை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

ஒருவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால், அது சிராய்ப்பாக இருந்தாலும், எதையும் மீளப்பெற வேண்டாம். காயத்தின் செலவு பின்னால் வளரக்கூடியது. பொலிஸ் முறைப்பாடு செய்து, கம்பனியின் கையில் விடயத்தை விட்டுவிடுவதே சரி. போனஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒருவரின் காயத்துக்கு முன் அது ஒரு பொருட்டல்ல.

கடிதம்

மேற்கூறியவை தெளிவான பின், கோரிக்கையை மீளப்பெறும் கடிதத்தை ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவரே எழுத வேண்டும். வாகனம் லீசிங்கில் இருந்து, காப்புறுதியை லீசிங் கம்பனி ஒழுங்குசெய்து தந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். தொலைபேசியில் முகவரிடம் "அதை விட்டுவிடுங்கள், அண்ணை" என்று சொல்வது மீளப்பெறுதல் ஆகாது. முகவர் நல்லவராக இருந்தாலும் கோப்பை மூடும் அதிகாரம் அவரிடம் இல்லை. வாசகம் பின்வருமாறு அமையலாம்:

> முகாமையாளர், வாகனக் கோரிக்கைப் பிரிவு
>
> ஒப்பந்த இலக்கம்: … வாகன இலக்கம்: … கோரிக்கை இலக்கம்: …
>
> மேற்படி வாகனம் … ஆம் திகதி … என்னும் இடத்தில் விபத்துக்குள்ளானதை அன்றைய தினமே உங்களுக்கு அறிவித்திருந்தேன். இணைக்கப்பட்டுள்ள எஸ்டிமேற்றின்படி திருத்தச் செலவு … ரூபா. இது எனது ஒப்பந்தத்தின் எக்ஸஸ் தொகையான … ரூபாவுக்குக் குறைவானது. ஆகவே எனது வாகனத்தின் சேதத்துக்கான கோரிக்கையை நானாகவே மீளப்பெறுகிறேன். இதன்கீழ் எந்தக் கொடுப்பனவையும் நான் பெறவில்லை, பெறவும் மாட்டேன்.
>
> இக்கோரிக்கையைக் கொடுப்பனவின்றி மூடி, அதற்கென ஒதுக்கி வைத்த தொகையை நீக்கி, எனது நோ கிளெய்ம் போனஸ் பாதிக்கப்படவில்லை என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். மதிப்பீட்டாளரின் கட்டணம் எனது கோரிக்கையாகக் கணக்கிடப்படமாட்டாது என்பதையும் தெரிவிக்கவும்.
>
> விபத்தைப் பற்றி நான் கொடுத்த அறிவித்தலை இக்கடிதம் மீளப்பெறவில்லை. மூன்றாந்தரப்பினர் எவரேனும் பின்னர் கோரிக்கை வைத்தால் ஒப்பந்தத்தின்படி எனக்குள்ள பாதுகாப்பு தொடரும் என்ற அடிப்படையிலேயே இதை எழுதுகிறேன்.
>
> கையொப்பம், பெயர், திகதி

இதில் மூன்று இடங்களுக்கு விளக்கம் தேவை. விபத்து அறிவிக்கப்பட்டதும் கம்பனி அதற்கென ஓர் உத்தேசத் தொகையை ஒதுக்கி வைக்கும். அந்த ஒதுக்கீடு நீக்கப்படாதவரை, ஒன்றும் கொடுக்கப்படாவிட்டாலும் கோரிக்கை நிலுவையில் உள்ளதாகவே கணினி காட்டும்; புதுப்பித்தல் பிரிவில் இருப்பவர் உங்கள் கடிதத்தைப் பார்ப்பதில்லை, அந்தத் திரையைத்தான் பார்க்கிறார். அடுத்து மதிப்பீட்டாளரின் கட்டணம்: அவரைக் கம்பனியே அனுப்பியது, கட்டணத்தையும் அதுவே கொடுத்திருக்கும்; அந்தச் செலவு உங்கள் கோப்பில் ஏறியிருப்பதால் அதைக் கொடுப்பனவுள்ள கோரிக்கை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கடைசிப் பந்தி, கன்றின் உரிமையாளர் தாமதமாக வரும் நாளுக்கானது. அந்தப் பந்தி இருப்பதால் கோப்பைத் திறந்தே வைக்க வேண்டும் என்றில்லை. மூடிய கோப்பை, தேவை வந்தால் மறுபடி திறக்கலாம்.

கடிதத்தைக் கிளையில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அதன் படத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தலைப்பில் கோரிக்கை இலக்கமும் வாகன இலக்கமும் இருக்கட்டும். கிளைக்குப் போக வசதியில்லாதவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தலாம். இவை எல்லாம் கம்பனி திருத்த வேலைக்கு அனுமதி கொடுக்குமுன்பும், பணம் விடுவிக்குமுன்பும் நடக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதங்களுக்குள் விபத்து நடந்திருந்தால் இன்னும் விரைவாகச் செய்யுங்கள், ஏனெனில் புதுப்பித்தல் அறிவித்தல் காலாவதித் திகதிக்குப் பல நாட்கள் முன்பே தயாராகிவிடும்.

திருத்திய பின்

கோரிக்கையை விட்டுக்கொடுத்தபின் பம்பரைத் திருத்தாமல் அப்படியே ஓடவிடுவது அடுத்த விபத்தில் நட்டத்தைத் தரும். புதிதாக வரும் மதிப்பீட்டாளர் பழைய வெடிப்பைப் பார்த்து, இது முந்தைய சேதம் என்று எழுதிக் கழித்துவிடுவார். அவரிடம் முந்தைய படங்களும் இருக்கும். ஆகவே திருத்திய கையோடு கராஜின் பற்றுச்சீட்டை வாங்கி, திருத்திய பகுதியைத் திகதியோடு படமெடுத்து, மீளப்பெறும் கடிதத்தோடு ஒரே உறையில் வையுங்கள்.

கம்பனியிலிருந்து கோரிக்கை கொடுப்பனவின்றி மூடப்பட்டது என்ற பதில் வராவிட்டால், இரண்டு வாரங்களில் முத்திரையிட்ட பிரதியைக் காட்டி மறுபடி கேளுங்கள். "மூடிவிட்டோம்" என்று வாயால் சொன்னால் போதாது. ஒரு வரி மின்னஞ்சலாவது எழுதித் தரச் சொல்லுங்கள்.

பின்னாளில் வேறு கம்பனிக்கு மாறும்போது, பழைய கம்பனி தரும் போனஸ் உறுதிக் கடிதத்தில் சரியான சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய கம்பனியின் விண்ணப்பத்தில் கடந்த ஆண்டுகளில் விபத்து ஏதும் நடந்ததா என்ற கேள்வி இருந்தால், நடந்ததை எழுதி, கொடுப்பனவு பெறவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கோரிக்கையை மீளப்பெற்றதால் விபத்தே நடக்கவில்லை என்றாகிவிடாது. அதை மறைத்தது பின்னர் தெரியவந்தால் பெரிய கோரிக்கையொன்றே நிராகரிக்கப்படக்கூடும்.

போனஸ் குறைந்து வந்தால்

புதுப்பித்தல் அறிவித்தல் கைக்கு வந்ததும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கட்டிவிடாதீர்கள். வாகனத்தின் மதிப்பும் வரியும் மாறியிருக்கலாம் என்பதால் தொகை கூடியதற்கு வேறு காரணம் இருக்கக்கூடும். போனஸ் சதவீதம் எழுதப்பட்ட வரியைத் தனியாகத் தேடிப் பாருங்கள். அது குறைந்திருந்தாலோ ஏறாமல் நின்றிருந்தாலோ, ஒப்பந்தத்தில் போனஸ் பற்றிய பிரிவை எடுத்து வாசியுங்கள். பல ஒப்பந்தங்களில் அந்தக் காலத்தில் கோரிக்கை எதுவும் வைக்கப்படாமலோ எழாமலோ இருந்தால் போனஸ் தரப்படும் என்ற பொருளில் வாசகம் அமைந்திருக்கும். வைக்கப்பட்டு மீளப்பெறப்பட்டதும் அதில் அடங்கும் என்று ஒரு கிளை அலுவலர் வாதிடலாம். கொடுப்பனவின்றி மூடப்பட்டது என்ற கம்பனியின் சொந்த எழுத்து உங்கள் கையில் இருந்தால் அந்த வாதம் நிற்பது கடினம். அதைப் பெறாமல் விட்டவர்கள்தான் அங்கே தடுமாறுகிறார்கள்.

பிழையைக் கண்டதும் பணம் கட்டுமுன் கிளையில் எழுத்தில் கேளுங்கள். திருத்தித் தருவதற்குள் ஒப்பந்தம் காலாவதியாகும் நிலை வந்தால், காப்புறுதி இல்லாமல் ஒரு நாளும் வீதியில் இறங்காதீர்கள். சர்ச்சைக்குரிய தொகையை ஆட்சேபத்தோடு கட்டுவதாகக் கடிதம் கொடுத்துப் புதுப்பித்துவிட்டு, வித்தியாசத்தைத் திருப்பிக் கேளுங்கள். கிளை தீர்க்காவிட்டால் கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு, முத்திரையிட்ட பிரதி, எஸ்டிமேற், கராஜ் பற்றுச்சீட்டு, இரண்டு ஆண்டுகளின் புதுப்பித்தல் அறிவித்தல்கள் ஆகியவற்றோடு எழுதுங்கள். அங்கும் முடிவு வராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ, இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். முதலில் கம்பனியிடம் கேட்டீர்களா, அவர்கள் என்ன பதில் தந்தார்கள் என்றே அங்கே கேட்பார்கள். அதனால் கம்பனியோடு நடந்த கடிதப் போக்குவரத்தைத் திகதி வரிசையில் அடுக்கி, பிரதியெடுத்து அனுப்புங்கள், மூலங்களை உங்களிடமே வைத்திருங்கள்.